‘பில் பாஸ் செய்பவர்’ என்று யாரும் தேடுவதில்லை

கேள்வி: எனக்கு 34 வயது. பி.காம். முடித்து, சி.ஏ. இன்டரில் ஒரு குரூப் தேறியிருக்கிறேன். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் 9 வருடமாகக் கணக்குப் பிரிவில் வேலை. பதவிப் பெயர் ‘சீனியர் அசிஸ்டென்ட் – கமர்ஷியல்’. மாதம் 450 பில் வரை என் கை வழியாகத்தான் பாஸ் ஆகும். கணவருக்குச் சென்னைக்கு மாற்றலாகிவிட்டது. ஜூனில் குடும்பத்தோடு போகிறோம். லிங்க்ட்இனில் புரொஃபைல் வைத்து ஆறு மாதம் ஆகிறது. ஒரு அழைப்புகூட வரவில்லை. தெரிந்த ஒருவர் சொன்னதால் ஸ்கில்ஸ் பகுதியில் 63 திறன்களைச் சேர்த்தேன். பதவியை ‘ஃபைனான்ஸ் மேனேஜர்’ என்று மாற்றினால்தான் கண்ணில் படும் என்கிறார் அவர். எஸ்.ஏ.பி. இரண்டு மாத வகுப்புக்குப் போனேன், அதை அனுபவமாகப் போடலாமா? ‘ஓப்பன் டு ஒர்க்’ போட்டால் முதலாளிக்குத் தெரிந்துவிடுமோ என்றும் பயம். ஃபீச்சர்டு பகுதியில், ஆபீசில் நான் தயாரித்த சப்ளையர் பாக்கி ரிப்போர்ட்டையும் என் ரெஸ்யூமேயையும் ஏற்றலாம் என்றிருக்கிறேன். சரியா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

பதில்: கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய புரொஃபைல் பக்கத்தை இரண்டு முறை படித்தேன். 12 வருடம் சென்னையில் கணக்கு, நிதி வேலைகளுக்கு ஆள் எடுத்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: உங்கள் வேலையில் குறை இல்லை. ஆள் தேடுபவர் தட்டுகிற சொற்கள் உங்கள் பக்கத்தில் இல்லை, அவ்வளவுதான். அதனால் உங்களை யாரும் பார்த்துவிட்டு வேண்டாம் என்று தள்ளவில்லை. உங்கள் பக்கம் அவர்கள் முன்னால் வரவே இல்லை.

தேடுபவர் என்ன செய்கிறார் என்று முதலில் பார்ப்போம். சென்னையில் ஒரு பெரிய நிறுவனத்தின் கணக்கு மையத்துக்கு, சப்ளையர் பில்களைப் பார்க்க ஆறிலிருந்து பத்து வருட அனுபவம் உள்ள ஒருவர் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆள் எடுப்பவர் கையில் இருப்பது நாம் பார்க்கும் சாதாரண லிங்க்ட்இன் இல்லை. ரெக்ரூட்டர் என்று தனியாகக் காசு கட்டி வாங்குகிற தேடுதளம். அதில் பதவிப் பெயர், ஊர், அனுபவ வருடம், திறன் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வடிகட்டி இருக்கும். அவற்றோடு, கீவேர்டு என்ற கட்டத்தில் இந்த மாதிரி ஒரு வரியையும் தட்டுவார்:

```
("accounts payable" OR "invoice processing") AND GST AND (Tally OR SAP)
```

மேற்கோள் குறிக்குள் இருக்கும் சொற்றொடர் அப்படியே சேர்ந்து இருக்க வேண்டும். OR என்றால் இரண்டில் ஒன்று இருந்தால் போதும், AND என்றால் இரண்டும் வேண்டும். உங்கள் அனுபவப் பகுதியில் இருப்பது ஒரே வரி: `Checking and passing all bills, party follow-up, all taxation works`. இதை மேலே உள்ள வரியோடு வைத்துப் பாருங்கள். Accounts payable இல்லை. GST இல்லை, ‘டாக்சேஷன்’ என்று மட்டும் இருக்கிறது. Tally என்ற சொல்லே பக்கத்தில் எங்கும் இல்லை. ஒன்பது வருடமாகத் தினமும் டேலியில் உட்காருவதால் அதை எழுத வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றவில்லை. நான் பார்த்த நல்ல கணக்காளர்களில் நிறையப் பேர் இதே இடத்தில்தான் விடுபட்டுப் போனார்கள். கைக்கு மிகப் பழகிய வேலையை எழுத மறந்துவிடுகிறோம்.

முதல் தடை, ஊர்

சொற்களுக்கு முன்பே நீங்கள் நிற்கிற இடம் ஒன்று உண்டு. உங்கள் பக்கத்தில் ஊர் திருப்பூர். தேடுபவர் போடும் ஊர் சென்னை. மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும் அந்தத் தேடலில் நீங்கள் வர மாட்டீர்கள். ஆறு மாதம் அழைப்பு வராததற்கு இதுவே பாதிக் காரணம் என்று நினைக்கிறேன்.

இன்னும் திருப்பூரில் இருக்கும்போதே ஊரைச் சென்னை என்று மாற்றிவிடாதீர்கள். “நாளைக்கு நேரில் வர முடியுமா” என்ற முதல் கேள்வியிலேயே சங்கடம் வரும். இதற்குச் சரியான வழி நீங்கள் பயப்படுகிற அந்த ‘ஓப்பன் டு ஒர்க்’தான். அதில் ஐந்து பதவிப் பெயர்கள் வரை கொடுக்கலாம், எந்த ஊரில் வேலை வேண்டும் என்றும் குறிப்பிடலாம். அங்கே சென்னையைக் கொடுத்தால், சென்னைக்கு வரத் தயாராக இருப்பவர்களையும் சேர்த்துத் தேடும் ரெக்ரூட்டருக்கு நீங்கள் தெரிவீர்கள்.

இப்போது உங்கள் பயத்துக்கு வருவோம். அதில் இரண்டு வகை இருக்கிறது. எல்லோருக்கும் தெரிகிற மாதிரி, புகைப்படத்தைச் சுற்றிப் பச்சை வளையம் வருவது ஒன்று. ரெக்ரூட்டர் தளம் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் தெரிவது மற்றொன்று. உங்களுக்கு இரண்டாவதுதான். உங்கள் கம்பெனியிலும் அதன் தொடர்புள்ள நிறுவனங்களிலும் ரெக்ரூட்டர் வைத்திருப்பவர்களுக்கு அது காட்டப்படாமல் இருக்க லிங்க்ட்இன் ஏற்பாடு செய்கிறது. ஆனால் முழு ரகசியத்துக்கு உத்தரவாதம் இல்லை என்றும் அதே இடத்தில் சொல்லிவிடுகிறது. நடைமுறையில் எனக்குத் தெரிந்த ஓட்டை வேறு: உங்கள் முதலாளிக்கும் ஆள் பிடித்துத் தருகிற வெளி கன்சல்டன்ட். அவர் உங்கள் கம்பெனி ஊழியர் இல்லை என்பதால் அவருக்கு எல்லாம் தெரியும். உங்கள் கம்பெனிக்கு அப்படி ஒருவர் இருக்கிறாரா என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். இருந்தால், ஜூனுக்கு எவ்வளவு முன்னால் இதைப் போடுவது என்று யோசித்துப் போடுங்கள்.

போடுவதற்கு முன் இரண்டு வேலை இருக்கிறது. அனுபவப் பகுதியில் கம்பெனிப் பெயரை, தட்டும்போது கீழே வரும் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்தீர்களா, வெறுமனே தட்டச்சு செய்தீர்களா என்று பாருங்கள். கம்பெனியின் பக்கத்தோடு இணையாவிட்டால் யாரிடமிருந்து மறைப்பது என்று தளத்துக்கு எப்படித் தெரியும்? அடுத்து, செட்டிங்ஸில் விசிபிலிட்டி பகுதிக்குப் போய், புரொஃபைல் மாற்றங்களை உங்கள் தொடர்பில் உள்ளவர்களுக்கு அறிவிக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். பலர் மாட்டிக்கொள்வது ஓப்பன் டு ஒர்க்கால் இல்லை. ஒரே இரவில் பத்து மாற்றம் செய்து, அவற்றில் சில சக ஊழியர் திரையில் போய் நிற்பதால்தான்.

இன்னொன்று. அபவுட் பகுதியில் ‘ஜூனில் சென்னைக்குக் குடிபெயர்கிறேன்’ என்ற ஒரு வரி போதும். கணவரின் மாற்றலை அங்கே எழுத வேண்டாம். ‘மறுபடி மாற்றல் வந்தால் போய்விடுவாரோ’ என்ற கணக்கைப் போட வைக்கும் தகவலை நீங்களே ஏன் கொடுக்க வேண்டும்?

பதவிப் பெயர் கம்பெனியுடையது, ஹெட்லைன் உங்களுடையது

‘ஃபைனான்ஸ் மேனேஜர்’ யோசனையை இந்த நிமிடமே விட்டுவிடுங்கள். ஆஃபர் லெட்டர் வந்த பிறகு, பழைய வேலையைச் சரிபார்க்கும் வேலையை நிறுவனங்கள் வெளி ஏஜென்சியிடம் கொடுக்கும். அவர்கள் உங்கள் கம்பெனியிடம் கேட்பது சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி, சில சமயம் சம்பளம். ரிலீவிங் லெட்டரில் இருக்கும் பதவியும் நீங்கள் சொன்ன பதவியும் வேறாக இருந்தால் அந்த வரிக்கு எதிரே ‘முரண்பாடு’ என்று வரும். நான் தேர்ந்தெடுத்த ஒருவருக்கே இது நடந்தது. லெட்டரில் சீனியர் அக்கவுண்டன்ட், ரெஸ்யூமேயில் அக்கவுண்ட்ஸ் மேனேஜர். வேலை தெரிந்த பையன், இன்டர்வியூவில் எல்லோருக்கும் பிடித்திருந்தது. ஆனால் அறிக்கை வந்ததும் ஆஃபரைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அதற்குள் அவர் பழைய வேலையை விட்டிருந்தார். அந்தத் தொலைபேசி அழைப்பைச் செய்ய வேண்டியிருந்தது நான்தான்; இன்னும் மறக்க முடியவில்லை.

அதோடு, மேனேஜர் என்று போட்டால் மேனேஜர் வேலைக்கான தேடலில்தான் வருவீர்கள். அங்கே உங்களோடு நிற்பவர்கள் சி.ஏ. முடித்தவர்கள்.

நேர்மையான வழி எளிது. பதவிக் கட்டத்தில் கம்பெனி கொடுத்த பெயரை அப்படியே வைத்து, பக்கத்திலேயே வேலையின் பெயரைச் சேருங்கள்: `Senior Assistant – Commercial (Accounts Payable & GST)`. பதவி மாறவில்லை, வேலை புரிந்துவிடுகிறது. அனுபவப் பகுதியைப் படிக்கிற சரிபார்ப்பு ஏஜென்சிக்கும் இதில் குறை சொல்ல ஒன்றும் இருக்காது.

ஹெட்லைன் அப்படி இல்லை. பெயருக்குக் கீழே வரும் அந்த வரி உங்கள் சொந்த இடம். 220 எழுத்துகள் வரை எழுதலாம். நீங்கள் எதுவும் எழுதாததால் தளம் தானாகப் பதவியையும் கம்பெனியையும் போட்டு வைத்திருக்கிறது. அதற்குப் பதில் இப்படி வைத்துப் பாருங்கள்:

```
Accounts Payable | GST, TDS, Vendor Reconciliation | Tally, TallyPrime, Excel | 9 years in garment exports | Moving to Chennai in June
```

தேடல் பட்டியலிலும் கைபேசியிலும் முழு வரியும் தெரியாமல் போகலாம் என்பதால் வேலையின் பெயரை முதலில் வைத்திருக்கிறேன். ‘உழைப்பாளி’, ‘வாய்ப்பைத் தேடுகிறேன்’ போன்ற சொற்களை யாரும் தேடல் கட்டத்தில் தட்டுவதில்லை. அவற்றுக்கு இங்கே இடமில்லை.

திருப்பூர் பேச்சைத் தேடுபவரின் சொல்லாக மாற்றுவது

இதுதான் கொஞ்சம் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும். சென்னையில் உங்களுக்குப் பொருந்தும் வேலை விளம்பரங்கள் பதினைந்தை எடுங்கள். ஒவ்வொன்றிலும் வேலையைச் சொல்ல என்ன சொற்களைப் போட்டிருக்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதி, திரும்ப வரும்போதெல்லாம் ஒரு கோடு போட்டுக்கொண்டே வாருங்கள். பத்து விளம்பரம் தாண்டுவதற்குள் அதே பத்துப் பன்னிரண்டு சொற்கள் சுற்றிச்சுற்றி வருவது தெரிந்துவிடும். பிறகு, அவற்றில் எது உங்கள் மேசையில் தினமும் நடக்கிறது என்று பாருங்கள்.

நான் உங்களுக்காகச் சிலவற்றைப் பொருத்திப் பார்த்தேன். நிட்டிங், டையிங், பிரின்டிங் யூனிட்டிலிருந்து வரும் ஜாப் ஒர்க் பில்லை எடுத்து, ஆர்டரோடும் சரக்கு வந்த ரசீதோடும் ஒத்துப் பார்த்துத்தான் பாஸ் செய்கிறீர்கள். சென்னை விளம்பரங்களில் இதன் பெயர் `three-way match`. மாதக் கடைசியில் டையிங் பார்ட்டிக்குப் போன் போட்டு, “உங்க லெட்ஜர்ல ரெண்டு பில் கூட இருக்கே” என்று பேசி டேலி செய்கிறீர்களே, அது `vendor reconciliation`. ஜிஎஸ்டி தளத்தில் வரும் 2B அறிக்கையை உங்கள் கொள்முதல் பதிவோடு ஒப்பிட்டு, யார் பில் ஏற்றவில்லை என்று பிடிப்பது `GSTR-2B reconciliation` அல்லது `input tax credit reconciliation`. இந்த ஒவ்வொன்றும் நீங்கள் உண்மையில் செய்கிற வேலை. பெயரை மட்டும் மாற்றுகிறோம். எனவே இதில் பொய் எதுவும் இல்லை.

அனுபவப் பகுதியில் இவற்றை வெறும் சொல் பட்டியலாகக் கொட்டாமல் வாக்கியமாக எழுதுங்கள். உதாரணத்துக்கு ஒரு வரி:

```
Process about 450 supplier and job-work invoices a month in TallyPrime: three-way match, TDS deduction, vendor reconciliation.
```

450 என்ற உங்கள் எண்ணை வேண்டுமென்றே வைத்திருக்கிறேன். தேடலில் அது உதவாது. ஆனால் பக்கத்தைத் திறந்தவர் “இவர் இந்த அளவு வேலையைத் தாங்குவார்” என்று உடனே கணக்குப் போட அதுதான் உதவும். சுருக்கமும் விரிவும் இரண்டும் ஒருமுறையாவது எங்காவது வரட்டும்: ஒரு இடத்தில் Accounts Payable, இன்னொரு இடத்தில் AP. தேடுபவர் எதைத் தட்டுவார் என்று நமக்குத் தெரியாது.

சிலர் அபவுட் பகுதியின் அடியில் நாற்பது சொற்களைக் காற்புள்ளி போட்டு அடுக்கி வைப்பார்கள். தேடலில் வந்தாலும் வரலாம், ஆனால் திறந்து பார்ப்பவர் ஒரு மனிதர். ஒரே சொல் எட்டு முறை வருவதைப் பார்த்ததும் மற்றதையும் நம்பாமல் போய்விடுவார். எனக்கு அப்படித்தான் இருக்கும்.

63 திறன்களில் எவ்வளவு மிஞ்ச வேண்டும்

தளம் நூறு திறன்கள் வரை சேர்க்க விடுகிறது. அதனால் நிரப்பிவிட வேண்டும் என்று அர்த்தமில்லை. உங்கள் 63-இல் லீடர்ஷிப், டீம் ஒர்க், ஹார்டு ஒர்க், கம்யூனிகேஷன், ஈவென்ட் மேனேஜ்மென்ட் எல்லாம் இருக்கின்றன. அக்கவுண்ட்ஸ் பேயபிள் எங்கே இருக்கிறது என்று தேடினேன், இல்லை. கடைசியாகப் பார்த்ததில் 48-ஆவது இடத்தில் ‘அக்கவுண்டிங்’ கிடைத்தது.

இருபதிலிருந்து இருபத்தைந்துக்குள் நிறுத்துங்கள். சேர்க்கும்போது தளம் காட்டும் பட்டியலில் இருக்கும் பெயரையே தேர்ந்தெடுங்கள், ஏனென்றால் தேடுபவரின் திறன் வடிகட்டியிலும் அதே பட்டியல்தான் வருகிறது. நீங்களாக ‘பில் பாசிங்’ என்று ஒன்றை உருவாக்கினால் அதை யாரும் தேர்ந்தெடுக்கப் போவதில்லை. அபவுட் பகுதியோடு சேர்த்து ஐந்து முக்கியத் திறன்களைக் காட்டவும் வசதி உண்டு. உங்களுக்கு அந்த ஐந்து: Accounts Payable, Vendor Reconciliation, GST, TDS, TallyPrime. பட்டியலில் இதே பெயர் இல்லாவிட்டால் நெருக்கமானதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு திறனையும் எந்த வேலையில் பயன்படுத்தினீர்கள் என்று இணைக்கும் கட்டமும் வரும். அதை விடாமல் செய்யுங்கள். எங்கே செய்தார் என்று தெரியாத திறன் வெறும் சொல்லாகத்தான் நிற்கும்.

எஸ்.ஏ.பி. விஷயம். வகுப்புக்குப் போனதை மறைக்க வேண்டாம், அனுபவம் என்றும் சொல்ல வேண்டாம். சான்றிதழ்களுக்கான பகுதியில் பயிற்சி என்று போடுங்கள். அப்போதும் SAP என்ற சொல் உங்கள் பக்கத்தில் இருக்கும். இப்போதைய வேலையோடு மட்டும் அதை இணைக்காதீர்கள். ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்றால், இன்டர்வியூவில் இதைக் கண்டுபிடிக்க ஒரே கேள்வி போதும்: “MIRO எப்போது போடுவீர்கள், FB60 எப்போது போடுவீர்கள்?” பர்ச்சேஸ் ஆர்டர் உள்ள பில்லுக்கு முதலாவது, ஆர்டர் இல்லாமல் நேராக வரும் பில்லுக்கு இரண்டாவது. வகுப்பில் இதைப் படித்திருப்பீர்கள். ஆனால் அடுத்த கேள்வி “போன மாதம் MIRO-வில் பில் பிளாக் ஆனபோது என்ன செய்தீர்கள்” என்று வரும். அதற்குப் பதில் வகுப்பில் கிடைக்காது. “எஸ்.ஏ.பி.யில் பயிற்சி மட்டும்தான், ஆனால் மூன்று தாள் ஒப்பீட்டை ஒன்பது வருடமாக டேலியில் செய்கிறேன்” என்று நீங்கள் சொன்னால் நான் எடுத்துக்கொள்வேன். மென்பொருளைக் கற்றுக்கொடுத்துவிடலாம். டையிங் பில்லில் எடை தப்பாக இருப்பதைப் பிடிக்கும் கண்ணைக் கற்றுக்கொடுக்க வருடங்கள் ஆகும்.

ஃபீச்சர்டு பகுதியில் ஆபீஸ் ரிப்போர்ட்டை ஏற்றாதீர்கள்

இந்தப் பகுதியைப் பற்றி ஒரு தெளிவு வேண்டும். ஃபீச்சர்டு உங்களைத் தேடல் பட்டியலுக்குள் கொண்டுவராது. அங்கே ஏற்றும் பிடிஎஃப்புக்குள் இருக்கும் சொற்களை நம்பி இருக்காதீர்கள்; தேடலுக்கான சொற்கள் ஹெட்லைனிலும் அனுபவத்திலும் ஸ்கில்ஸிலும்தான் இருக்க வேண்டும். ஏற்கெனவே பக்கத்தைத் திறந்துவிட்டவர், இவரை அழைப்பதா அடுத்தவருக்குப் போவதா என்று தயங்கும்போது ஃபீச்சர்டு உதவுகிறது. அந்த நேரத்தில் கண்ணில் படுகிற இடம் அது.

அங்கே உங்கள் கம்பெனியின் சப்ளையர் பாக்கி ரிப்போர்ட் இருந்தால் என்ன ஆகும்? யாருக்கு எவ்வளவு பாக்கி, எத்தனை நாளாகக் கொடுக்கவில்லை என்பது முதலாளியின் வியாபார ரகசியம். நீங்கள் தயாரித்தது என்றாலும் அது உங்கள் சொத்து இல்லை. வேலையில் சேரும்போது கையெழுத்துப் போட்ட தாளை எடுத்துப் பாருங்கள், ரகசியம் காக்கும் நிபந்தனை அநேகமாக இருக்கும். வேலை போகலாம், வக்கீல் நோட்டீஸ் வரலாம். இதையெல்லாம் விட, கணக்கு வேலைக்கு ஆள் எடுப்பவர் அதைப் பார்த்ததும் ‘நாளைக்கு நம் கணக்கையும் இப்படித்தான் ஊருக்குக் காட்டுவார்’ என்று நினைப்பார். நான் அப்படி நினைத்து மூடிய பக்கங்கள் உண்டு.

பெயர்களை அழித்துவிட்டுப் போடுகிறேன் என்பீர்கள். அதிலும் ஆபத்து இருக்கிறது. எக்செல் கோப்பில் மறைத்து வைத்த ஷீட் இருக்கலாம். பிவட் டேபிள், மூல ஷீட்டை அழித்த பிறகும் பழைய தரவைத் தனக்குள் வைத்திருக்கக்கூடும். கோப்பின் விவரப் பகுதியில் கம்பெனிப் பெயரோ ஆபீஸ் கணினிப் பயனர் பெயரோ ஒட்டியிருக்கும். அதனால் ஆபீஸ் கோப்பைத் தொடவே வேண்டாம்.

வீட்டுக் கணினியில் வெற்றுக் கோப்பைத் திறந்து புதிதாக ஒரு மாதிரி செய்யுங்கள். ‘சப்ளையர் 1’ முதல் ‘சப்ளையர் 20’ வரை கற்பனைப் பெயர்கள், கற்பனைத் தொகைகள். இடது பக்கம் கொள்முதல் பதிவு, வலது பக்கம் 2B. நான்கு விதமான முரண்பாடுகளை வேண்டுமென்றே உள்ளே வையுங்கள்: சப்ளையர் ஏற்றாத பில், தொகை மாறிய பில், பில் எண்ணில் ஒரு பூஜ்ஜியம் விடுபட்டது, அடுத்த மாதத்தில் ஏறிய பில். ஒவ்வொன்றுக்கும் எதிரே, நீங்கள் யாரிடம் என்ன கேட்பீர்கள், வரிக் கழிவை இந்த மாதம் எடுப்பீர்களா நிறுத்தி வைப்பீர்களா என்று ஒரு வரி. இரண்டு பக்கத்துக்கு மிகாமல் பிடிஎஃப்பாக மாற்றி, முதல் வரியிலேயே ‘மாதிரித் தரவு’ என்று ஆங்கிலத்தில் எழுதிவிட்டு ஏற்றுங்கள். தலைப்பு `Sample GSTR-2B reconciliation: 20 suppliers, 4 kinds of mismatch` என்பது போல இருக்கட்டும். பில் எண்ணில் விடுபட்ட பூஜ்ஜியத்தைப் பார்த்ததும் இந்த வேலை தெரிந்தவர் சிரித்துவிடுவார். இது கையால் செய்தவருக்கு மட்டும் தெரிகிற விஷயம்.

முதலில் இது ஒன்று போதும். பின்னால் நேரம் கிடைத்தால், ஜாப் ஒர்க் பில்லில் அடிக்கடி வரும் தவறுகளைப் பற்றி ஒரு பக்கக் கட்டுரை எழுதி இரண்டாவதாக வைக்கலாம். சான்றிதழ்களுக்குத் தனிப் பகுதி இருப்பதால் அவற்றை இங்கே வைத்து இடத்தை வீணாக்க வேண்டாம்.

ரெஸ்யூமேயையும் இங்கே ஏற்ற வேண்டாம். அதில் உங்கள் கைபேசி எண், வீட்டு முகவரி, பிறந்த தேதி எல்லாம் இருக்கும். யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். அதன் பிறகு வருகிற அழைப்புகளில் ‘ரெஜிஸ்ட்ரேஷன் கட்டணம் கட்டுங்கள், வேலை உறுதி’ என்பவையும் கலந்திருக்கும். வேலை கொடுப்பவர் உங்களிடம் பணம் கேட்டால் அந்த இடத்திலேயே போனை வைத்துவிடுங்கள். ரெஸ்யூமே, விண்ணப்பிக்கும்போது அந்தந்த நிறுவனத்துக்கு மட்டும் போகட்டும்.

நௌக்ரியை விட்டுவிட்டீர்களே

நீங்கள் தேடும் அளவு வேலைக்கு நம் ஊரில் நௌக்ரி இன்னும் பெரிய வாசல். கடிதத்தில் அதன் பேச்சே இல்லை. அங்கே ஆள் எடுப்பவர்கள் ரெஸ்டெக்ஸ் என்ற தேடலில் இதே மாதிரி சொற்களைத் தட்டுகிறார்கள், ஆகவே மேலே சேர்த்த சொற்கள் அப்படியே உதவும். கூடுதலாக, தற்போதைய ஊர் வேறு, விரும்பும் ஊர் வேறு என்று தனித்தனிக் கட்டம் உண்டு. நோட்டீஸ் பீரியடை வைத்தும், கடைசியாக எப்போது தளத்துக்கு வந்தீர்கள் என்பதை வைத்தும் அங்கே வடிகட்டுவார்கள். எனவே நோட்டீஸ் நாட்களை உள்ளபடி போட்டுவிட்டு, வாரம் ஓரிரு முறை உள்ளே போய் வாருங்கள். உங்கள் கம்பெனியின் பெயரைக் கொடுத்து அவர்கள் பார்க்காதபடி தடுக்கும் வசதியும் இருக்கிறது. முதல் வேலையாக அதைச் செய்யுங்கள்.

பலன் தெரிகிறதா என்று பார்ப்பது

லிங்க்ட்இனில் உங்கள் பக்கத்தில் அனலிட்டிக்ஸ் என்ற இடத்தில், தேடலில் எத்தனை முறை வந்தீர்கள் என்ற எண் இருக்கும். எதையும் மாற்றுவதற்கு முன் இன்றைய எண்ணைக் குறித்து வையுங்கள். மாற்றிய பிறகு மூன்று வாரம் பொறுத்துப் பாருங்கள். அந்த எண் அசையவே இல்லை என்றால் குறை ஊரிலோ சொற்களிலோ இருக்கிறது. தேடலில் வருவது கூடி, பக்கத்தைத் திறப்பவர்கள் கூடவில்லை என்றால் ஹெட்லைனின் முதல் சில சொற்களை மாற்றுங்கள். புகைப்படம் இல்லாவிட்டால் ஒன்று வையுங்கள். திறந்து பார்க்கிறார்கள் ஆனால் செய்தி வரவில்லை என்றால் அனுபவப் பகுதியை மறுபடி படியுங்கள். அங்கே எண்களும் வேலையின் பெயரும் போதாமல் இருக்கலாம். உங்களைத் தேடியவர்கள் எந்த மாதிரி நிறுவனங்களில் இருக்கிறார்கள் என்பதும் அங்கேயே ஓரளவு தெரியும். சென்னைக் கணக்கு மையங்களுக்குப் பதிலாகத் திருப்பூர் மில்களே வந்தால், ஏற்றுமதி என்ற சொல் உங்கள் பக்கத்தில் தேவைக்கு அதிகமாக இருக்கிறது என்று பொருள்.

பக்கத்தை நானே சரிசெய்து தருகிறேன், பாஸ்வேர்டு கொடுங்கள் என்று அந்த நண்பர் கேட்டால் கொடுக்காதீர்கள். நீங்கள் எழுதாத ஒரு வரியைப் பற்றி இன்டர்வியூவில் கேள்வி வந்தால் அவர் வந்து பதில் சொல்லப் போவதில்லை.

ஜூனில் சென்னை வந்து இறங்கியதும், வீட்டுச் சாமான்களைப் பிரிப்பதற்கு முன்பே, பக்கத்தில் ஊரைச் சென்னை என்று மாற்றி, ஹெட்லைனில் ‘Moving to Chennai in June’ என்பதை எடுத்துவிடுங்கள். அதற்குள் எங்காவது இன்டர்வியூ முடிந்திருந்தால், அங்கே என்ன கேட்டார்கள் என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.